குறும்படத்தை ஒட்டுவது பார்வை

தூரத்தில் இருப்பவர்களைக் கைத்தொலைபேசியில் நடிக்கவைத்து எடுக்கும் படத்தைப் பற்றி எங்கள் வகுப்பிலேயே இரண்டு கருத்துகள் உண்டு. "துண்டு துண்டாக அனுப்பச் சொல்லிவிட்டுப் பிறகு கணினியில் ஒட்டுவதுதானே, அதில் இயக்குநருக்கு என்ன வேலை?" என்று கேட்போர் ஒரு பக்கம். இணையமும் நல்ல தொலைபேசியும் இருந்தால் யாரும் எடுக்கலாம் என்போர் மறு பக்கம். இரண்டும் சரியில்லை என்பது என் எண்ணம். அப்படியான படம் ஒட்டப்படுவது கணினியில் அல்ல, பதிவு தொடங்குவதற்கு முன்பு தாளில்தான்.

இதற்கு நல்ல சாட்சி, 2020 ஏப்ரலில் இந்தியா முழுவதும் ஊரடங்கில் இருந்தபோது சோனி தொலைக்காட்சியில் வெளியான 'ஃபேமிலி' என்ற சிறு படம். இயக்கியவர் பிரசூன் பாண்டே. அமிதாப் பச்சன், ரஜினிகாந்த், மம்முட்டி, மோகன்லால், சிரஞ்சீவி, சிவராஜ்குமார், ஆலியா பட், பிரியங்கா சோப்ரா என்று பலர் நடித்தனர். அமிதாப்பின் கறுப்புக் கண்ணாடி காணாமல் போகிறது. ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம் முழுவதும் அதைத் தேடுகிறது. கதை அவ்வளவுதான். ஒவ்வொருவரும் தத்தமது மொழியில் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர்கூடத் தம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதை முடிவில் அமிதாப்பே சொல்கிறார். சினிமாவில் நாட்கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு உதவி திரட்டுவது அதன் நோக்கம்.

அதற்கு அடுத்த மாதம் கௌதம் மேனன் 'கார்த்திக் டயல் செய்த எண்' என்ற குறும்படத்தை வெளியிட்டார். சிம்புவும் திரிஷாவும் அவரவர் இடத்தில் இருந்து நடித்தார்கள். அது ஒரு தொலைபேசி உரையாடல். இருவர் தனித்தனியே இருப்பதுதான் கதையே. அங்கே தூரத்தை மறைக்கத் தேவையில்லை. 'ஃபேமிலி'யிலோ தூரத்தை முழுவதும் மறைக்க வேண்டும். நம் பாடசாலைகளில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் முதல் வழியையே பிடித்துக்கொள்கின்றன. எல்லாக் கதையும் தொலைபேசி அழைப்பாகவே முடிந்துவிடுகிறது. இரண்டாவது வழியை நாம் கற்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் வைக்கும் வாதம்.

அந்த வழி ஒன்றும் புதியதல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு பரிசோதனை செய்தார். மொஸ்கோ நகரின் வெவ்வேறு இடங்களில் நடந்துவரும் ஓர் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே படம்பிடித்து, இருவரும் சந்திப்பதாகக் காட்டினார். பிறகு அவர்கள் பார்க்கும் திசையில் வாஷிங்டனின் வெள்ளை மாளிகையைச் சேர்த்தார். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே இடமாகவே தெரிந்தது. ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால், அடுத்துத் திரையில் வருவது அவர் பார்த்த பொருள்தான் என்று மனம் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து இயக்குபவருக்கு உள்ள ஒரே மூலதனம் இதுதான்.

இதை நாங்கள் எடுத்த மூன்று நிமிடப் படத்தை வைத்து விளக்குகிறேன். மழை நாளில் ஒரு வீட்டில் மூன்று சகோதரிகள். இருப்பது ஒரே குடை. மூத்தவள் நடுவளிடமும், நடுவள் இளையவளிடமும் குடையைக் கொடுக்க வேண்டும். மூத்தவளாக நடித்தவள் மாத்தளையில், நடுவள் காத்தான்குடியில், இளையவள் புத்தளத்தில். இயக்கியது நான், என் வீட்டு மேசையில் இருந்து.

மூத்தவள் திரையின் வலப்பக்கம் பார்த்துப் பேசினால், நடுவள் திரையின் இடப்பக்கம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இருவரும் வலப்பக்கமே பார்த்தால், இருவரும் வேறு யாரோ மூன்றாமவரைப் பார்ப்பது போல் இருக்கும். குடையும் அப்படித்தான். மூத்தவளின் திரையில் வலப்பக்கமாக வெளியேறிய குடை, நடுவளின் திரையில் இடப்பக்கமாக உள்ளே வர வேண்டும். கை அசைந்துகொண்டிருக்கும்போதே வெட்டிச் சேர்த்தால் கண் அதைக் கவனிக்காது. குடைகள் மூன்று என்பதும் தெரியாது. அதற்காகவே பூப்போட்ட குடையை விட்டுவிட்டு, எந்த ஊரிலும் கிடைக்கும் கறுப்புக் குடையைத் தேர்ந்தோம்.

ஆனால் 'வலப்பக்கம் பார்' என்று செய்தி அனுப்பினால் காரியம் நடக்காது. திரையின் வலம், தொலைபேசியைப் பார்த்து நிற்பவளுக்கு இடக்கைப் பக்கம். போதாக்குறைக்கு முன்பக்கக் கமரா, எடுக்கும்போது கண்ணாடி போல் மாற்றிக் காட்டும்; சேமிக்கும்போது சில தொலைபேசிகள் திருப்பிவிடும், சில அப்படியே விட்டுவிடும். ஆகவே பின்பக்கக் கமராவையே பயன்படுத்தச் சொன்னேன். வலம், இடம் என்ற சொற்களையும் விட்டுவிட்டேன். ஒவ்வொருத்தியும் முதலில் தன் அறையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதில் நான் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினேன்: "அலுமாரிப் பக்கம், உன் கண் உயரத்தில்." அந்த இடத்தில் வீட்டில் ஒருவர் நின்று எதிர்வசனத்தை வாசிக்க வேண்டும். காத்தான்குடியில் என் மாமி அந்த வேலையைச் செய்தார். வெறும் சுவரைப் பார்த்துப் பேசும் கண்ணுக்கும், ஒரு முகத்தைப் பார்த்துப் பேசும் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் திரையில் உடனே தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரே வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. மாத்தளையில் மலையும் முகிலும். காத்தான்குடியில் கடற்கரை வெயில். கடிகாரத்தைப் பார்க்காமல், நேர்வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னோம். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டால் நடுவில் அது கூடிக் குறையாது. எஞ்சிய நிறவேறுபாட்டுக்கு ஒரு வழி, 'ஃபேமிலி' போலப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது. மஞ்சள் சுவரும் நீலச் சுவரும் அதில் அடங்கிவிடும்.

கடைசியாக ஒலி. பார்வை சரியாக இருந்தும் படம் பிரிந்து நிற்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஓர் அறையில் மின்விசிறி, இன்னொன்றில் தெருச் சத்தம். வெட்டுக்கு வெட்டு பின்னணி மாறினால் காது வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, வசனத்துக்கு முன்னும் பின்னும் மூன்று விநாடி மௌனம் விட்டுப் பதிந்தோம். பிறகு மாத்தளையில் ஒரே தொடராகப் பதிந்த மழைச் சத்தத்தை மூன்று அறைகளுக்கும் அடியில் விட்டோம். மூன்று ஊரும் ஒரு கூரைக்குள் வந்தன. பதிவுகளை வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புவது நல்லது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. இருவரை ஒரே சட்டகத்தில் நிறுத்த முடியாது. ஒருத்தி மற்றவளின் கண்ணீரைத் துடைக்க முடியாது. அப்படியான காட்சி இல்லாமல் நிற்காத கதையை இதில் எடுக்கவே கூடாது. கொடுத்தல், கேட்டல், தேடுதல், காத்திருத்தல் ஆகியவையே இதற்குப் பொருந்தும் செயல்கள்.

படப்பிடிப்புக்காக வேறு ஊர் போவதற்கு எங்களில் பலருக்கு வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை. பரீட்சைக் காலத்தில் நேரமும் கிடைப்பதில்லை. அதனால் நடிகையரை வகுப்பறைக்குள் மட்டும் தேடுகிறோம். பார்வைக்கும் கைக்கும் திசை குறித்த ஒரு தாள் இருந்தால் அந்தக் கட்டு அவிழும். பாடசாலைக் குறும்படப் போட்டிகளிலும் படத்துடன் அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் புள்ளி கொடுக்க வேண்டும் என்பேன். இயக்கியவளின் வேலை அங்கேதான் இருக்கிறது.