முகமனும் முகமும்: ‘தூரமா?’ என்னும் வினாவை முன்வைத்து

வீட்டிலிருந்து புறப்பட்டுச் செல்பவரைத் தெருவில் எதிர்ப்படும் ஒருவர் ‘என்ன, தூரமா?’ என்று வினவுகிறார். ‘இல்லை, இங்கே பக்கத்தில்தான்’ என்று மறுமொழி வருகிறது. செல்லுமிடம் எது என்பதை விடையளித்தவர் சொல்லவில்லை. வினவியவரும் அதை அறிந்துகொள்ளவில்லை. ஆயினும் இருவரும் நிறைவோடு பிரிகின்றனர். செய்தி எதுவும் பரிமாறப்படாத இவ்வுரையாடலில் உண்மையில் பரிமாறப்படுவது யாது என்பதற்குப் பணிவுக் கோட்பாடு தெளிவான விடை தருகிறது. அவ்விடை சரியானதே. எனினும், முகமனை ஒரு சொல்லாகவோ ஒரு கூற்றாகவோ கொள்ளாமல் மூன்று கூற்றுகள் கொண்ட தொடராகக் கொண்டு நோக்கும்போதுதான் அவ்விடையின் வலிமையும் எல்லையும் ஒருசேரப் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கோட்பாட்டின் அடிப்படைக் கருத்தாக்கம் ‘முகம்’ என்பதாகும். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினார். ஒருவர் பிறர்முன் தமக்கென உரிமை பாராட்டும் மதிப்பே முகம். அது அவருக்கு உடைமையன்று; சமூகம் அவருக்குக் கொடுத்து வைத்திருக்கும் கடன். எனவே என் முகத்தைக் காப்பது என் கையில் மட்டும் இல்லை, எதிரில் நிற்பவர் கையிலும் இருக்கிறது. தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. முகங்கொடுத்துப் பேசுதல், முகத்தை முறித்தல், முகதாட்சணியம் ஆகிய வழக்குகள் இவ்வுண்மையை முன்பே உணர்ந்தவை. முகமன் என்னும் சொல்லும் முகம் என்பதன் அடியாகவே பிறந்தது.

பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக்கிய ஆய்வு இம்முகத்தை இரண்டாகப் பகுத்தது. பிறரால் ஏற்கப்பட வேண்டும், பொருட்படுத்தப்பட வேண்டும் என்னும் விழைவு ஒன்று. இதனை ஏற்பு முகம் எனலாம். தம் வழியில் பிறர் குறுக்கிடலாகாது என்னும் விழைவு மற்றொன்று. இதனைத் தன்னுரிமை முகம் எனலாம். அவ்வாய்வு ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் தரவுகளைக் கொண்டு எழுப்பப்பட்டது. தமிழ்த் தரவு கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் லெவின்சன் மேற்கொண்ட களப்பணியில் திரட்டப்பட்டது. ஆகவே, இக்கோட்பாட்டைத் தமிழில் பொருத்திப் பார்ப்பது வெளியிலிருந்து வந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்பதாகாது. இங்கிருந்து ஒரு பங்கைப் பெற்றுச் சென்ற கோட்பாட்டை அது தோன்றிய இடத்திலேயே மீண்டும் சோதிப்பதாகும்.

முகமன் கூறுதல் எளிய செயல்போலத் தோன்றினும் இருபுறமும் இடர் உடையது. அறிந்தவர் ஒருவரைக் கண்டும் காணாததுபோலச் சென்றால் அவரது ஏற்பு முகம் ஊறுபடும். நிறுத்தி வினவினால் அவரது தன்னுரிமை முகம் ஊறுபடும். பேசத் தொடங்குபவர்க்கும் ஓர் இடர் உண்டு. மறுமொழி வாராதொழியின் அவருடைய ஏற்பு முகமே குலையும். இவ்வாறு ஒரு நொடிச் சந்திப்பில் இருவர் மதிப்பும் ஒருங்கே பணயமாக வைக்கப்படுகின்றன. பயனற்ற பேச்சும் உறவைப் பிணைக்கும் என்று மாலினோவ்ஸ்கி 1923இலேயே கூறினார். ஆனால், உறவைப் பிணைக்க இந்த வினா ஏன் பொருந்துகிறது, அந்த வினா ஏன் பொருந்தவில்லை என்பதற்கு அக்கூற்றில் விடையில்லை. முகத்தின் இருமுக இயல்பைக் கொண்டே அதனை விளக்க இயலும்.

எடுத்துக்காட்டு ஒன்றைப் படிப்படியாக நோக்குவோம். நாற்பது வயதினர் ஒருவர், கையில் பையோடு பேருந்து நிறுத்தம் நோக்கிச் செல்லும் அறுபது வயது அண்டைவீட்டாரைக் காண்கிறார் எனக் கொள்வோம். அவர்களிடையே நிகழும் உரையாடல் இது:

‘என்ன அண்ணே, தூரமா?’
‘இல்லப்பா, இங்க பக்கத்துலதான். ஒரு சின்ன வேலை.’
‘சரிண்ணே, போயிட்டு வாங்க.’

முதற்கூற்று இரண்டு பணிகளை ஒருங்கே செய்கிறது. பையையும் நடையையும் கண்டு, புறப்பாட்டைக் கவனித்ததாகக் காட்டுவது ஏற்பு முகத்துக்குச் செய்யும் சிறப்பு. பிறருடைய நிலையைக் கவனித்ததாகக் காட்டுதலைப் பிரவுனும் லெவின்சனும் ஏற்புப் பணிவின் முதல் உத்தியாகவே வைக்கின்றனர். ‘அண்ணே’ என்னும் விளி அவரைத் தம்மவராக்குகிறது. அதே வேளையில் ‘எங்கே போகிறீர்கள்?’ என்று வினவாமல் விடுவது தன்னுரிமை முகத்துக்குக் காட்டும் மதிப்பு. ‘எங்கே’ என்னும் வினா ஓர் இடப்பெயரை விடையாகக் கேட்கிறது. மருத்துவரிடமோ, கடன் கேட்கவோ, நீதிமன்றத்துக்கோ செல்பவர் அவ்வினாவின்முன் உண்மையை வெளியிட வேண்டும், அல்லது பொய் கூற வேண்டும். ‘தூரமா?’ என்பதோ ஆம், இல்லை என்னும் அளவில் அமையும் வினா. இடத்தைச் சொல்லாமலே அதற்கு உண்மையாக விடையளிக்கலாம். புறப்படுபவரை ‘எங்கே’ என்று கேட்டால் சென்ற காரியம் தடைப்படும் என்னும் நம்பிக்கை இங்கு உண்டு. அது சகுன நம்பிக்கையாக வழங்கினும், பிறர் செலவைத் துருவாதே என்னும் பணிவு நெறியையும் தன்னுள் பொதிந்துள்ளது.

இரண்டாம் கூற்று வினாவுக்கு விடையாகத் தோன்றினும் செய்தியை அளப்பதில்லை. ‘பக்கத்தில்’ என்பது எவ்விடத்துக்கும் பொருந்தும். ‘சின்ன வேலை’ என்பது எவ்வேலைக்கும் பொருந்தும். ஆனால் அவர் வாய் திறந்து, ‘அப்பா’ என்னும் அன்பு விளியோடு மறுமொழி தந்ததனால் வினவியவரின் முகம் காக்கப்பட்டது. தம் செலவை மறைக்கும் உரிமையும் பறிபோகவில்லை.

மூன்றாம் கூற்றே இத்தொடரின் உயிர்நிலை. ‘சரி’ என்பதன்வழி, கிடைத்த விடை போதும் என்று வினவியவர் ஒப்புக்கொள்கிறார். ‘போய்விட்டு வாருங்கள்’ என்பதன்வழி அவரை வழிவிட்டு அனுப்புகிறார். ‘போங்கள்’ என்னாமல் மீட்சியையும் சேர்த்துச் சொல்வதால் உறவு அறுபடாமல் நிற்கிறது. இவ்விடத்தில் ‘சரி’ என்னாது ‘என்ன வேலை?’ என்று அவர் கேட்டிருப்பின் முன்சொன்ன ‘தூரமா?’ என்பதும் பொருள் மாறிவிடும். முகமனாக இருந்தது விசாரணையாகிவிடும். எனவே ஒரு வினா முகமனா, உண்மையில் வினாவே தானா என்பதை அதன் சொல்லமைப்பைக் கொண்டு துணிய இயலாது. மூன்றாம் கூற்றில் வினவியவர் விடையைத் துருவுகிறாரா, விடுவிக்கிறாரா என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலின் தேவையைச் சமோவாத் தரவு உறுதிப்படுத்துகிறது. அங்கும் ‘எங்கே செல்கிறாய்?’ என்பது எதிர்ப்படுவோர்க்குரிய முகமன்களுள் ஒன்று. ஆனால் அலெசாண்ட்ரோ துராந்தி 1997இல் காட்டியவாறு, அவ்வினா வெறும் சடங்கன்று. அது உண்மையில் செய்தியை நாடுகிறது. கேட்கப்பட்டவர் தம் செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலைக்கு உள்ளாகலாம். அங்ஙனமாயின் முகமன் இருவர் மதிப்பையும் காக்கிறது என்று பொதுப்பட விதித்தல் பொருந்தாது. விடையளிப்பவர்க்கு மழுப்பும் உரிமை உள்ளவிடத்தே அது காக்கும். அவ்வுரிமை இல்லாதவிடத்து அதே முகமன் கண்காணிப்பின் கருவியாகும்.

முகமன் பிழைபடும் முறைகளும் இதனையே உணர்த்துகின்றன. ‘எப்படி இருக்கீங்க?’ என்பதற்கு ஒருவர் தம் நோய் விவரம் முழுவதையும் எடுத்துரைத்தால் கேட்டவர் திகைப்பார். அவர் விலகிச் சென்றால் ஒருவர் முகம் குலையும். நின்று கேட்டால் மற்றவர் வழி தடைப்படும். நலம் வினவுவார்க்கு மெய்யான விடையைக் கூற இயலாத கட்டாயம் ஒன்று உண்டு என்பதை ஹார்வி சாக்ஸ் 1975இல் ஆராய்ந்தார். இனி, மறுமொழியே வாராத நிலை. அப்போது வினவியவர் சற்று உரத்துத் திரும்பச் சொல்வார். அல்லது, ‘கவனிக்கவில்லை போலும்’ என்று தமக்குத்தாமே கூறிக்கொள்வார். இந்தச் சமாதானம் அவர் முகத்தை மட்டுமன்றி, மறுமொழி தராதவர் முகத்தையும் காக்கிறது; அவரைச் செருக்குடையவர் என்னும் பழியிலிருந்து விடுவிக்கிறது.

ஆனால் கோட்பாடு போதாத இடம் ஒன்றுண்டு. சமூக இடைவெளி, அதிகாரம், செயலின் சுமை ஆகிய மூன்றன் கூட்டே ஊறின் அளவு என்கின்றனர் பிரவுனும் லெவின்சனும். அதிகாரம் மிகுந்தவர்பால் மிகுந்த பணிவு காட்டப்படும் என்பதை இது விளக்கும். பணிவு காட்டியவர்க்கு அப்பால் கிடைப்பது யாது என்பதை இது கேட்பதில்லை. நம் ஊர்களில் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டி, ஒதுங்கி நின்று ‘கும்பிடுறேன் சாமி’ என்றவர்க்குத் தலையசைப்பும் கிடைக்காத காலம் இருந்தது. முதற்கூற்று அங்கே கடமை. இரண்டாம் கூற்று அங்கே விருப்பம். மூன்றாம் கூற்றுக்கு இடமே இல்லை. அங்கு மறுமொழி இல்லாமை பிழையாகக் கருதப்படவில்லை. எனவே, ‘கவனிக்கவில்லை போலும்’ என்னும் சமாதானத்துக்கும் தேவை எழவில்லை. பிழை பிழையாக உணரப்படாத இடத்தில் ஒருவர் முகம் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை என்பது பொருள். செனகல் நாட்டு வோலோஃப் மக்களிடையே முகமனைத் தொடங்குபவர் தாழ்ந்த நிலையை ஏற்கிறார் என ஜூடித் இர்வின் 1974இல் காட்டியதும் இங்கு நினையத்தக்கது. யார் தொடங்க வேண்டும் என்பதிலேயே ஏற்றத்தாழ்வு தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆதலின் முகமன் இருவர் மதிப்பையும் காக்கும் என்பதை இயற்கை விதியாகக் கொள்ளாமல், சோதித்து அறியத்தக்க கருதுகோளாகக் கொள்ளுதல் வேண்டும். வணக்கம், நமஸ்காரம், கும்பிடு எனச் சொற்பட்டியல் திரட்டுவதால் அதனைச் சோதிக்க இயலாது. தமிழ் முகமனை ஆராய்வோர் ஒவ்வொரு நிகழ்விலும் யார் தொடங்கினார், மறுமொழி வந்ததா, வந்த விடை துருவப்பட்டதா, வாராதபோது அதற்குக் காரணம் கற்பிக்கப்பட்டதா என்னும் நான்கையும் குறித்துவைத்தல் வேண்டும். அந்நான்கனுள் இறுதியானதே மிகவும் பொருட்படுத்தத்தக்கது. ஒருவர் தந்த முகமனுக்கு மறுமொழி வாராதபோது யாரேனும் ஒரு காரணம் தேடினால் அங்கே இருவர்க்கும் முகம் உண்டு. எவரும் தேடவில்லையெனில் அங்கே முகம் ஒருவர்க்கே உரியது.