அண்ணா, வரும்போது அப்படியே ஒரு ஸ்விட்ச் 2!

இந்த வாரம் நம்ம டேபிளுக்கு வந்திருக்கறது ஒரு மெசேஜ். அனுப்பினவர் மதுரைக்காரர். சிங்கப்பூர்ல இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். வாங்கினவர் அவரோட பெரியம்மா பையன். அவரும் அங்கேயே வேலை பார்க்கறார். ஆபீஸ் வேலையா பத்து நாள் டோக்கியோ போயிருக்கார். மெசேஜ் இதுதான்:

"அண்ணா, வரும்போது ஒரு ஸ்விட்ச் 2 வாங்கிட்டு வாங்க. 230 வோல்ட் மாடலா பார்த்து வாங்குங்க, இல்லாட்டி இங்க எரிஞ்சிடும். ரீஜன் பத்திக் கவலைப்படாதீங்க, ஸ்விட்ச் எல்லாம் ரீஜன் ஃப்ரீ. அங்கதான் செம சீப். டியூஷன் எடுத்த காசு இருக்கு, வந்ததும் கொடுத்துடறேன்."

படிச்சா நியாயமாத்தான் தெரியும். ஆனா பாஸ், இதுல பயப்பட வேண்டிய இடத்துல தம்பி கவலைப்படலை. கவலையே வேண்டாத இடத்துல பயந்திருக்கார். ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல்ல கரன்ட் மேட்டர்

ஜப்பான் வீட்டு ப்ளக்ல வர்றது 100 வோல்ட். சிங்கப்பூர்லயும் நம்ம ஊர்லயும் 230. 100 வோல்ட்டுக்குன்னே செஞ்ச பொருளை 230-ல சொருகினா என்ன ஆகும்? பவர் சப்ளைக்குள்ள வர்ற ஏ.சி. முதல்ல டி.சி.யா மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டர்ல போய் நிக்கும். அங்க நிக்கறது நாம சொல்ற வோல்ட் இல்லை, அதோட உச்சம். அதாவது சுமார் 1.4 மடங்கு. 100 வோல்ட் லைன்ல அது 141. 230-ல 325. ஜப்பானுக்கு மட்டும் செய்யற சப்ளைல 200 வோல்ட் தாங்கற கெப்பாசிட்டர் போதும்னு வெச்சிருப்பாங்க. அது 325-ஐப் பார்த்தா 'டப்'னு ஒரு சத்தம், ஒரு தீஞ்ச வாடை, அவ்வளவுதான். அதிர்ஷ்டம் இருந்தா ஃப்யூஸ் மட்டும் போகும். 2000-ல ஜப்பான்ல வந்த முதல் ப்ளேஸ்டேஷன் 2 மாதிரி, சப்ளை உள்ளேயே இருக்கற பழைய மெஷின்கள்ல இந்தப் பயம் ரொம்ப நியாயம்.

ஸ்விட்ச் அப்படி இல்லை. மெஷினுக்குள்ள ஏ.சி.யே போறதில்லை. வெளியே இருக்கற அடாப்டர்தான் எல்லா வேலையும் பார்க்குது. அந்த அடாப்டர் முதுகுல பொடி எழுத்துல ஒரு லேபிள் இருக்கும். அதுல 'இன்புட்'னு ஆரம்பிக்கற வரியைப் படிங்க. '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்'னு இருந்தா உலகம் பூரா ஓடும். செல்போன் சார்ஜர் மாதிரியேதான். அதனால கடைல போய் "230 வோல்ட் மாடல்" கேட்டா, அப்படி ஒண்ணே கிடையாது. பாவம் அண்ணன், எதுக்கு வம்புன்னு ரெண்டு கிலோ டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிட்டு வருவார்.

தேவைப்படறது ப்ளக் மாத்தற சின்ன அடாப்டர் மட்டும்தான். ஜப்பான் ப்ளக்ல ரெண்டு தட்டைக் கால். சிங்கப்பூர்ல மூணு சதுரக் கால். நம்ம ஊர்ல உருண்டைக் கால். ஆனா ஒண்ணு, அந்தச் சின்ன அடாப்டர் காலை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. லேபிள்ல '100 வோல்ட்'னு மட்டும் இருந்தா, அதை நம்பி சொருகிடாதீங்க. அதுக்கு நிஜமாவே டிரான்ஸ்ஃபார்மர் வேணும்.

இப்ப ரீஜன். நிஜ வில்லன் இங்கேதான்!

'ரீஜன் ஃப்ரீ'ன்னு தம்பி சொன்னது 2017-ல வந்த முதல் ஸ்விட்சுக்கு சரி. எந்த நாட்டு கேம் கார்டையும் அதுல போடலாம். ஜப்பான்ல வாங்கின மெஷின்லயும் செட்டிங்ஸ்ல போய் இங்கிலீஷ் வெச்சுக்கலாம்.

ஸ்விட்ச் 2 விஷயத்துல கதையே வேற. 2025 ஜூன் 5-ல அது வந்தப்ப, ஜப்பான்ல மட்டும் ரெண்டு வகையா விட்டாங்க. ஒண்ணு 49,980 யென். இன்னொண்ணு 69,980 யென். நடுவுல 20,000 யென் வித்தியாசம். யென் மதிப்பு குறைஞ்சிருந்த நேரம். வெளிநாட்டுக்காரங்க மூட்டை கட்டி அள்ளிட்டுப் போகாம, விலை குறைஞ்ச மெஷின் உள்ளூர்லயே இருக்கணும்னு இந்தப் பூட்டு.

விலை குறைஞ்சதுல ரெண்டு கட்டுப்பாடு. மெனு மொழி ஜப்பானியம் மட்டும்தான், மாத்தவே முடியாது. அடுத்தது, நாடு 'ஜப்பான்'னு இருக்கற நின்டெண்டோ அக்கவுன்ட்டை மட்டும்தான் அதுல சேர்க்கலாம். தம்பியோட அக்கவுன்ட்ல நாடு ஜப்பான் இல்லை. அதுல அவர் காசு போட்டு வாங்கி வெச்சிருக்கற கேம் எதுவும் உள்ளே வராது.

"புதுசா ஒரு ஜப்பான் அக்கவுன்ட் ஆரம்பிச்சுட்டா?"ன்னு உங்க மூளை ஓடுறது தெரியுது. ஆரம்பிக்கலாம். ஆனா 2025 மார்ச் கடைசியிலிருந்து ஜப்பான் ஆன்லைன் ஸ்டோர்ல வெளிநாட்டு கார்டும் பேபாலும் செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க. ஒவ்வொரு கேமுக்கும் ஜப்பான் ப்ரீபெய்டு கார்டு தேடி அலையணும். சில கேம்கள்ல உள்ளேயே மொழி மாத்தற வசதி இருக்கும், தப்பிச்சுக்கலாம். மெஷின் மொழியைப் பார்த்து நடக்கற கேமா இருந்தா, கதை முழுக்க ஜப்பானியம்தான்.

69,980 யென் வகைல இந்தத் தொல்லை இல்லை. ஆனா அது கடைல கிடைக்காது. நின்டெண்டோவோட ஜப்பான் ஆன்லைன் ஸ்டோர்ல மட்டும்தான். பத்து நாள் வந்து போற ஆளுக்கு அது எட்டாக்கனி. ஆக, அண்ணன் கடைல நீட்டற கைக்கு வர்றது பெரும்பாலும் பூட்டு போட்ட பெட்டிதான். சோனியும் 2025 நவம்பர்ல இதே வழியில, ஜப்பானிய மொழி மட்டும் இருக்கற பிஎஸ் 5 டிஜிட்டல் எடிஷனை 55,000 யென்னுக்கு விட்டுச்சு.

கண்டுபிடிக்கறது எப்படி? பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டு "வேண்டாம்"னா கடைக்காரர் எடுத்துக்க மாட்டார். அதனால பிரிக்கறதுக்கு முன்னாடியே கேட்கணும். 'நிஹோங்கோ, கொகுனாய் சென்யோ'ன்னு ஜப்பானிய எழுத்துல போட்டிருக்கும். 'ஜப்பானிய மொழி, உள்நாட்டுக்கு மட்டும்'னு அர்த்தம். இந்த ரெண்டு வார்த்தையைக் கடைக்காரர்கிட்ட சொல்லிக் கேட்டாலே போதும், அவர் தலையாட்டறதுலேயே தெரிஞ்சிடும்.

அப்போ தம்பி என்ன அனுப்பியிருக்கணும்? நாம திருத்திக் கொடுத்த மெசேஜ்:

"அண்ணா, ஸ்விட்ச் 2 வேண்டாம், அதை இங்கேயே வாங்கிக்கறேன். முடிஞ்சா பழைய ஸ்விட்ச் ஓஎல்இடி மாடல் பாருங்க. இங்க விலையோட ஒப்பிட்டு குறைவா இருந்தா மட்டும் வாங்குங்க. அடாப்டர் லேபிள்ல 100-240 வோல்ட்னு இருக்கான்னு ஒரு போட்டோ அனுப்புங்க. டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வாங்காதீங்க. யாராவது ஸ்விட்ச் 2 சீப்னு காட்டினா, 'கொகுனாய் சென்யோ'வான்னு கேளுங்க. 'ஹாய்'னு பதில் வந்தா, அது நமக்குச் சொல்ற வணக்கம் இல்லை, ஜப்பானியத்துல 'ஆமா'ன்னு அர்த்தம். நீங்களும் ஒரு பெரிய கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடுங்க."