பெரிய ரூம்காரன் எவ்வளவு தரணும்?

போன மாதம் எங்கள் ஃப்ளாட்டில் ஒரு சின்னப் பிரளயம். நவி மும்பை கார்கரில் மூன்று பேர் சேர்ந்து இருக்கிறோம். நான் மாற்றலில் வந்தவன். பையன் பத்தாவது என்பதால் குடும்பம் ஊரில். இன்னொருவர் நெல்லைக்காரர், மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். மூன்றாவது கரூர்த் தம்பி, முதல் வேலை. வாடகை 42,000. ஆளுக்கு 14,000 என்று ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அக்ரிமென்ட் புதுப்பிக்கிற நேரம் பார்த்துத் தம்பி வாயைத் திறந்தான். "சார், உங்க ரூம்ல பாதிகூட வராது என் ரூம். நான் எதுக்கு உங்களுக்குச் சமமா குடுக்கணும்? இல்லேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்." கையோடு ஒரு எக்செல் தாளும் கொண்டுவந்திருந்தான். அறைகளின் அளவை வைத்து மொத்த வாடகையையும் சதவீதமாகப் பிரித்திருந்தான். அதன்படி நான் 50 சதவீதம், அதாவது 21,000. நெல்லைக்காரர் சுமார் 12,160. தம்பி 8,840.

ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய அறைக்காரன் நான்தான். ஆகவே இனி நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள் :-)

சமமாகப் பிரித்தது தப்பு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு வருஷமாகத் தம்பி காசில் நான் குளுகுளுவென்று இருந்திருக்கிறேன். ஆனால் தம்பியின் கணக்கும் தப்பு. வாடகை மூன்று அறைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லையே! ஹால், சமையலறை, நடைவழி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஹாலில் நான் தம்பியைவிட இரண்டு மடங்கு இடத்திலா உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறேன்? மொத்தத்தையும் அறை அளவில் பிரித்தால் ஹாலுக்கும் சமையலறைக்கும்கூட நான்தான் பாதி கட்டுகிறேன் என்று ஆகிவிடுகிறது.

பி.காம். படித்தவர்களுக்கு இது பழகின விஷயம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஓவர்ஹெட் செலவைப் பல டிபார்ட்மென்டுகளுக்குப் பிரிக்கும்போது, கட்டட வாடகையை இடத்தின் பரப்பளவை வைத்துப் பிரிப்போம், கேன்டீன் செலவைத் தலைக்கணக்கில் பிரிப்போம். எங்கள் ஃப்ளாட்டுக்கும் அதுதான் பொருத்தம். அவரவர் அறை அவரவர் பேரில். பொது இடம் தலைக்கணக்கில்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து அளந்தோம். சுவருக்குச் சுவர் அளக்க வேண்டும். புரோக்கர் சொல்லும் சூப்பர் பில்டப் கணக்கை நம்பி இறங்காதீர்கள்; அதில் லிஃப்ட், மாடிப்படி எல்லாம் ஒளிந்திருக்கும். என் அறை, அட்டாச்டு பாத்ரூமையும் சேர்த்து 190 சதுர அடி. (பாத்ரூமை விட்டுவிடலாமே என்று மெல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேரும் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.) நெல்லைக்காரர் அறை 110, தம்பி அறை 80. ஹால், சமையலறை, பொது பாத்ரூம், நடைவழி சேர்த்து 320. மொத்தம் 700.

பொது இடம் 320-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 106.67. அதை அவரவர் அறையோடு கூட்டி, 700-க்கு எத்தனை சதவீதம் என்று பார்த்தால் எனக்கு 42.38, நெல்லைக்காரருக்கு 30.95, தம்பிக்கு 26.67. ரூபாயில் 17,800, 13,000, 11,200. சமப்பங்கைவிட நான் 3,800 கூடக் கொடுக்கிறேன். தம்பி கேட்டதைவிட 3,200 குறைவாகக் கொடுக்கிறேன்.

பொது பாத்ரூம் 40 சதுர அடி, அதை நான் உபயோகிப்பதே இல்லை, அவர்கள் இருவரும் மட்டும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று வாதாடலாம். எனக்கு மாதம் 800 ரூபாய் மிச்சமாகும். ஆனால் வாஷிங் மெஷின் அங்கேதான் இருக்கிறது, என் துணியும் அதில்தான் சுற்றுகிறது. விட்டுவிட்டேன்.

இது நியாயம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அறை மாற்றிக்கொள்ளத் தயாரா என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். 14,000-க்கு எல்லாருமே என் அறையைத்தான் கேட்பார்கள். அந்த விலை தப்பு. 21,000 என்றால் நானே 8,840-க்குத் தம்பி அறைக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், அதுவும் தப்பு. புதுக் கணக்கில் தம்பியிடம், "17,800-க்கு என் ரூமை எடுத்துக்கறியா?" என்றேன். "வேணாம் சார், அந்தக் காசுல வீட்டுக்கு அனுப்புவேன்" என்றான். நடு அறையையும் கேட்கவில்லை. நெல்லைக்காரரும் நகரவில்லை, நானும் நகரவில்லை. யாரும் அடுத்தவர் அறைக்கு ஆசைப்படாத விலையைக் கண்டுபிடிப்பது பற்றி ஃப்ரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மேற்கு வெயில், ஜன்னலுக்கு வெளியே லாரி சத்தம் எல்லாம் டேப்பில் பிடிபடாது. இந்தக் கேள்வியில் பிடிபடும். அப்படி யாராவது நகர ஆசைப்பட்டால் ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

சரி, ரூபாயாகவே எழுதி வைத்துக்கொண்டால் என்ன, சதவீதம் எதற்கு என்று நெல்லைக்காரர் கேட்டார். ஓனர் இப்போது 5 சதவீதம் ஏற்றுகிறார், வாடகை 44,100. ஏறிய 2,100-ஐ ஆளுக்கு 700 என்று பிரித்தால் எனக்கு ஏறுவது 4 சதவீதம்கூட இல்லை, தம்பிக்கு 6.25 சதவீதம். இரண்டு மூன்று தடவை இப்படி ஏறினால் பழைய அநியாயம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். சதவீதத்தில் இருந்தால் பெருக்கினால் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: இரண்டு தசம ஸ்தானமாவது வையுங்கள். ஒன்றோடு நிறுத்தினால் 42.4, 31.0, 26.7, கூட்டினால் 100.1 வருகிறது. மாதம் 42 ரூபாய் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். வங்கிக்காரனுக்குத் தூக்கம் வராது.

ஆனால் சதவீதம் கல்லில் வெட்டியதல்ல. ஆள் எண்ணிக்கை மாறினால் திரும்பப் போட வேண்டும். என் அறையில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் பழைய முறைப்படி அவர்கள் பங்கு பைசா குறையாது, ஆனால் காலையில் அடுப்புக்கு முன்னால் நான்கு பேர் நிற்போம். எங்கள் முறையில் பொது இடம் ஆளுக்கு 80 ஆகிறது. 42,000 கணக்கில் என் அறைக்கு 21,000, அதை நாங்கள் இரண்டு பேர் பிரித்துக்கொள்வோம். நெல்லைக்காரருக்கு 11,400, தம்பிக்கு 9,600. நெருக்கடிக்கு அவர்களுக்கும் ஒரு ஈடு கிடைக்கிறது.

டெபாசிட்டையும் இதே சதவீதத்துக்கு மாற்றிவிட்டோம். ஆளுக்குச் சமமாகப் போட்டிருந்தோம். என் பங்கில் குறைந்ததை இரண்டு பேருக்கும் அனுப்பி, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் மூவரும் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம். கரண்ட் பில்லை மட்டும் இதில் சேர்க்கவில்லை. ஏ.சி. என் அறையிலும் நெல்லைக்காரர் அறையிலும்தான் இருக்கிறது, சதுர அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் தனித்தனி சப்-மீட்டர் போட எலெக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார்.