அப்பா விவசாயிதான்... அதுக்கென்ன இப்போ?

திருச்சியிலயும் தஞ்சாவூர்லயும் விசா இண்டர்வியூவுக்கு 'டிரெயினிங்' குடுக்குறோம்னு போர்டு மாட்டி உக்காந்திருக்காங்களே, அவங்க மேல எனக்கு ஒரு கோபம் உண்டு. நம்ம திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் அப்படி ஒரு இடத்துல வாங்கிட்டு வந்த இருபது பக்க ஜெராக்ஸைப் படிச்சதும் அது ரெண்டு மடங்காயிடுச்சு.

முதல் கேள்வி, ஏன் இந்த யுனிவர்சிட்டி? அதுக்கு எழுதியிருக்கிற பதில்ல 'வேர்ல்ட் கிளாஸ் ஃபேக்கல்டி' இருக்கு, 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' இருக்கு. பையன் படிக்கப் போற பாடம் மட்டும் இல்லை. அவன் சிவில் படிச்சவன், போறது நீர்வளப் பொறியியலுக்கு. குடமுருட்டி பிரியற ஊர்க்காரனுக்கு இதுக்கு ஜெராக்ஸ் எதுக்குங்க? "ஐ ஆம் ஃப்ரம் தி காவேரி டெல்ட்டா. ஐ ஸ்டடீட் சிவில். ஐ வாண்ட் டு லேர்ன் கேனல் டிசைன், தே டீச் இட்." மூணு சின்ன வாக்கியம், போதும்.

சென்னை கான்சலேட் கவுண்டர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீசருக்கு உங்க இங்கிலீஷுக்கு மார்க் போடுற வேலை இல்லை. 1952-ம் வருஷ அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துல 214(பி)னு ஒரு பிரிவு. வர்றவன் அங்கேயே தங்கத்தான் வர்றான்னு வச்சுக்க, இல்லேன்னு அவனே நிரூபிக்கட்டும்னு அது சொல்லுது. அவர் கையில இருக்கிறது சில நிமிஷம். நீங்க பூர்த்தி பண்ணின டி.எஸ்-160 அவர் ஸ்கிரீன்லயே இருக்கும். காலைல இருந்து அதே 'வேர்ல்ட் கிளாஸ்' பதிலைக் கேட்டவருக்கு உங்க வாயிலயும் அதே வந்தா, நிக்கிற ஆள் யாருன்னே தெரியாமப் போயிடும்.

இரண்டாம் மொழிக்காரனுக்கு மனப்பாடம் இன்னொரு வகையிலயும் ஆப்பு. ஜெராக்ஸ்ல 'ஹூ இஸ் யுவர் ஸ்பான்சர்?'னு இருக்கும். ஆபீசர் 'ஸோ, ஹௌ ஆர் யூ பேயிங் ஃபார் திஸ்?'னு வேகமா, மைக்குல, அவர் உச்சரிப்புல கேப்பார். பையன் முழிப்பான். இல்லேன்னா வேற கேள்விக்கான பதிலைக் கடகடன்னு ஒப்பிப்பான், அது இன்னும் மோசம். நம்ம பசங்களுக்குப் பேசுறதை விடக் கேக்குறதுதான் கஷ்டம், அதைத்தான் பழகணும். ஒரே கேள்வியை அஞ்சு விதமா அஞ்சு பேரைக் கேக்கச் சொல்லுங்க. புரியலைன்னா "சாரி, குட் யூ ரிபீட் தட் ப்ளீஸ்?" தப்பே இல்லை.

(பேரப்பிள்ளையைப் பாக்கப் போற அப்பா அம்மா சென்னையில தமிழ்லயே பேசலாம். அவங்களையும் இங்கிலீஷ் ஒப்பிக்க வைக்கிறதை என்னன்னு சொல்ல!)

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். பையனோட அப்பாவுக்கு நாலு ஏக்கர். குறுவை, சம்பா ரெண்டும் போட்டுச் செலவு போக வருஷத்துக்கு ரெண்டு லட்சம் நின்னா பெரிசு. ஜெராக்ஸ்ல அவர் 'பிசினஸ்மேன்', வருமானம் இருபது லட்சம்! ஆடிட்டர் சர்டிபிகேட்டும் அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்களாம்.

எதுக்கு இந்தப் பொய்? ஐ-20-ல முதல் வருஷச் செலவு 36,000 டாலர், சுமாரா 32 லட்சம். பேங்க்ல 35 லட்சம் கல்விக்கடன் சாங்ஷன் ஆகியிருக்கு. வயலை வச்சு இல்லை. விவசாய நிலத்தை பேங்க் சர்ஃபாசி சட்டத்துல ஏலம் விட முடியாது, அதனால பெரும்பாலும் அதை அடமானமா எடுத்துக்க மாட்டாங்க. வீட்டையும் மனையையும் வச்சிருக்காங்க. துபாய்ல இருக்கிற தாய்மாமா எட்டு லட்சம் டெபாசிட் காட்டுறார். கணக்கு நேராயிடுச்சு. அப்போ பதில்:

"மை ஃபாதர் இஸ் எ பேடி ஃபார்மர். ஹிஸ் இன்கம் இஸ் ஸ்மால். தி பேங்க் லோன் இஸ் தர்ட்டி ஃபைவ் லேக்ஸ். மை அங்கிள் கிவ்ஸ் எய்ட் லேக்ஸ்."

அடுத்து 'லோனை எப்படி அடைப்பே?', 'படிச்சு முடிச்சு என்ன செய்வே?'ன்னு வரலாம். 'தாய்நாட்டுக்குச் சேவை செய்வேன்'னு ஜெராக்ஸ் சொல்லுது. கேக்குறவருக்குச் சிரிப்பு வராதா :-) பாசனத் திட்டங்களுக்கு டிசைன் போடுற கன்சல்டன்சி ஒண்ணு ரெண்டை, சம்பளத்தோட, இப்பவே விசாரிச்சு வச்சுக்கிட்டா அதுதான் பதில்.

இவ்வளவும் ஒழுங்காச் சொல்லியும் மறுக்கலாம். 214(பி) சீட்டு வந்தா அது நிரந்தரம் இல்லை. 185 டாலர் மறுபடி கட்டி, நிலைமையில ஏதாவது மாறியிருந்தா மறுபடி போகலாம். ஆனா அந்த இருபது லட்சம் பொய்னு தெரிஞ்சா பிரிவே வேற, 212(ஏ)(6)(சி). பொய்யா விவரம் குடுத்தவனுக்கு வாழ்நாள் தடை, தனியா விலக்கு கிடைச்சாத்தான் விடிவு. அது விழறது பையன் பேர்லதான், ஜெராக்ஸ் குடுத்தவர் பேர்ல இல்லை.