"முன்னறிவு எதுவும் தேவையில்லை" என்று சொல்லாதீர்கள்

பைத்தான் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றின் அறிமுக வீடியோ அண்மையில் வெளியாகியிருக்கிறது. பின்னணி இசையும் சிரித்த முகமும் முடிந்தபின் வரும் முதல் வாசகம் இது: "கம்ப்யூட்டரைப் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆர்வம் மட்டும் போதும்." அடுத்த நிமிடத்தில் முதல் வாரத் திட்டம் வருகிறது. மாறிகள், நிபந்தனைகள், சுழல்கள், ஃபங்க்ஷன், லிஸ்ட், கடைசியில் ஒரு கால்குலேட்டர், இத்தனையும் ஏழு நாளில். இந்த இரண்டு அறிவிப்புகளும் ஒரே ஸ்கிரிப்டில் இருக்கவே முடியாது. எதுவுமே தெரியாதவருக்கு அந்த முதல் வாரம் நடக்காது. அந்த முதல் வாரத்தை முடிக்கிறவர் எதுவுமே தெரியாதவர் அல்ல. ஆனாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிமுக வீடியோ எழுதுகிற பெரும்பாலோர் இதையே எழுதுகிறார்கள், கேட்பவர்களும் இது பெருந்தன்மை என்று நம்பிவிடுகிறார்கள். நான் இதைப் பொறுப்பில்லாத பேச்சு என்றே சொல்வேன். இதன் விலையைக் கொடுப்பவர் ஆசிரியர் அல்ல, மாணவர்.

முதல் பாடத்தின் முதல் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து `print("வணக்கம்")` என்று ஒரே வரி எழுதி, `hello.py` என்ற பெயரில் சேமித்து, கமாண்ட் விண்டோவில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். அவர் திரையில் அது ஓடிவிடுகிறது. மாணவர் திரையில் வருவது இது:

```
C:\Users\kumar> python hello.py
python: can't open file 'C:\\Users\\kumar\\hello.py': [Errno 2] No such file or directory
```

ஃபைல் இருக்கிறதே என்று மாணவர் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறார். அங்கே `hello.py` என்றுதான் தெரிகிறது. அப்படியானால் பொய் சொல்வது யார்? நோட்பேடில் சேமிக்கும்போது ஃபைல் வகை Text Documents என்று இருந்தால், பெயருக்குப் பின்னால் `.txt` ஒட்டிக்கொண்டு உண்மைப் பெயர் `hello.py.txt` ஆகிவிடலாம். விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை இயல்பாகவே மறைத்து வைக்கும் என்பதால், கடைசியில் இருக்கும் `.txt` கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு சாத்தியமும் உண்டு. ஃபைலின் பெயர் சரியாகவே இருக்கிறது, ஆனால் அது Documents ஃபோல்டரில் இருக்கிறது. கமாண்ட் விண்டோவோ `C:\Users\kumar` ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடுகிறது. எது கோளாறு என்பதைக் கண்டுபிடிக்க `dir` என்று ஒரு சொல் போதும். பட்டியலில் `hello.py.txt` என்று வந்தால் பெயரில் கோளாறு. `ren hello.py.txt hello.py` என்றால் தீர்ந்தது. பட்டியலில் அந்த ஃபைலே இல்லையென்றால் இடத்தில் கோளாறு. `cd Documents` என்று அந்த ஃபோல்டருக்குப் போனால் தீர்ந்தது. பைத்தானின் புதிய பதிப்புகள் தாங்கள் எந்த ஃபோல்டரில் தேடினோம் என்பதை அந்தப் பிழைச் செய்தியிலேயே முழுமையாக எழுதிக் காட்டுகின்றன. விடை கண்ணெதிரே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தெரிந்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதற்குள் அவர் பைத்தானை அழித்து மறுபடி நிறுவியிருப்பார், ஆசிரியர் எழுதிய அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டிருப்பார், மேற்கோள் குறியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார். அந்த வரியில் தவறே இல்லை என்பதுதான் கொடுமை. இத்தனைக்கும் இதில் புரோகிராமிங் என்று எதுவுமே கிடையாது. ஃபைல் என்றால் என்ன, அதன் முழுப்பெயர் எது, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, கமாண்ட் விண்டோ இப்போது எங்கே நிற்கிறது ஆகிய நான்கு விஷயங்கள்தான். இவை முன்னறிவு இல்லாமல் வேறென்ன? "எதுவுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லி அழைத்தீர்கள். அவர் நம்பி வந்தார். முதல் பயிற்சியே நடக்கவில்லை. எதுவும் தேவையில்லை என்ற இடத்தில் தோற்றவர் யாரைக் குறை சொல்வார்? தன்னைத்தான். "நமக்கு இதெல்லாம் வராது" என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது அந்த வாசகம். `hello.py.txt` என்ற ஒரு மறைந்த எக்ஸ்டென்ஷனை அவர் தன் மூளையின் குறை என்று நினைத்துக்கொண்டு போகிறார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறோம் என்பார்கள். அதில் பாதி உண்மை. தொடக்கநிலை பைத்தானுக்கு நுண்கணிதம் வேண்டாம், கணினி அறிவியல் பட்டமும் வேண்டாம். அதை அப்படியே சொல்லுங்கள், நல்ல செய்திதான். ஆனால் உயர்கணிதம் வேண்டாம் என்பது வேறு, எதுவுமே வேண்டாம் என்பது வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களை விடத் தயாரானவர்கள் நம் ஆன்லைன் வகுப்புக்கு வரப்போவதில்லை. அந்த எம்.ஐ.டி.யிலேயே 2020-இல் 'தி மிஸ்ஸிங் செமஸ்டர்' என்று தனியாக ஒரு பாடத்தொடரை நடத்த வேண்டியிருந்தது. கமாண்ட் விண்டோ, எடிட்டர், கோப்புகளின் பதிப்புகளைப் பேணுவது போன்ற கருவிப் பழக்கங்கள்தான் அதன் பாடங்கள். வழக்கமான வகுப்புகளில் இவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை, மாணவர்கள் தாமாகவே தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அதற்குக் காரணம். அங்கேயே நிலைமை இது என்றால், செல்பேசியில் மட்டுமே இணையத்தைப் பார்த்து வளர்ந்த, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதையே தொட்டுப் பார்த்திராத ஒரு மாணவரிடம் அந்த வாசகத்தைச் சொல்வதற்கு மனம் எப்படி வருகிறது?

"தேவைகளை அடுக்கினால் யாரும் சேரமாட்டார்கள்" என்பது அடுத்த வாதம். சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தங்கள் முதலாண்டு ஆன்லைன் வகுப்புகள் பதினேழைப் பற்றி 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பதிவுகள் 8,41,687, சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்து. பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பாடங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவர்கள் எல்லோரையும் அறிமுக வீடியோதான் விரட்டியது என்று நான் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதில் நிறைய. ஆனால் கதவை அகலத் திறந்தால் கூட்டம் கற்றுவிடும் என்ற நம்பிக்கை அந்த எண்களுக்கு முன்னால் நிற்காது. சேர்க்கைக் கணக்கு ஆசிரியருக்குத் தேவைப்படுகிறது. மாணவருக்குத் தேவைப்படுவது தான் இந்த வகுப்புக்குள் வரலாமா, இன்னும் ஒரு வாரம் தயாராகிவிட்டு வரலாமா என்ற தகவல்.

பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டும் வசதி வந்துவிட்டதே, `hello.py.txt` பிரச்சினையே இல்லையே என்றும் சொல்வார்கள். முதல் வாரத்துக்கு அது நல்ல வழிதான். ஹார்வர்டின் சி.எஸ்.50 வகுப்பு முதல் வாரத்தில் ஸ்கிராட்ச் கட்டங்களை இழுத்து ஒட்டி யோசிக்கப் பழக்குகிறது, பிறகு பிரவுசரிலேயே எழுத இடம் தருகிறது. ஆனால் அங்கேயும் ஃபோல்டரும் கமாண்ட் விண்டோவும் உள்ளேயே இருக்கின்றன, அவை பாடமாகவே சொல்லித் தரப்படுகின்றன. நம் வீடியோக்கள் அப்படிச் செய்வதில்லை. நான்கு வாரம் பிரவுசரில் ஓட்டிவிட்டு, ஐந்தாம் வாரம் "இந்த சி.எஸ்.வி. ஃபைலை டவுன்லோட் செய்து படியுங்கள்" என்கிறார்கள். அன்றைக்கு அதே `No such file or directory` வந்து நிற்கிறது. அப்போது அந்த மாணவர் நான்கு வார உழைப்போடு சேர்த்துத் தோற்கிறார்.

செய்யத் தெரிந்தவர்கள் செய்துதான் இருக்கிறார்கள். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல்.-இல் நடத்தும் பைத்தான் வகுப்பு, பள்ளி அளவிலான கணிதம் வேண்டும் என்று ஒளிக்காமல் அறிவிக்கிறது. அதன் முதல் வாரம் இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்ற ஒரே கணக்கைச் சுற்றி வருகிறது. பைத்தானை எப்படித் தரவிறக்கி நிறுவுவது என்பது அந்த வாரத்தின் தனிப் பாடம். சமன்பாடு பார்க்காமலே வரும் மாணவர்களுக்கு இதைவிட மெதுவான முதல் வாரம் வேண்டும். முதல் நாள் முழுக்க ஃபோல்டர், எக்ஸ்டென்ஷன், `cd`, `dir`. இரண்டாம் நாள் நிறுவுதல், `hello.py`-ஐ ஓட்டுதல். மூன்றாம் நாள் அதை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது: `print` என்பதை `pirnt` என்று எழுதினால் `NameError` வரும், எந்த வரி என்று சொல்லும், புதிய பதிப்பு என்றால் `Did you mean: 'print'?` என்று கேட்கவும் செய்யும். பிழைச் செய்தி திட்டுவதற்காக வருவதில்லை, வழி சொல்வதற்காக வருகிறது என்பதை மாணவர் கையால் தொட்டு உணர வேண்டிய நாள் அது. மிச்ச நாட்களுக்கு `input` ஒன்று போதும். பயனர் 5 என்று தட்டினாலும் அது எழுத்தாகவே வரும், `"5" + "3"` என்பது 8 ஆகாமல் `53` ஆகும், `int` போட்டால்தான் கூட்ட முடியும். இவ்வளவுதான் ஒரு வாரம். சுழலும் ஃபங்க்ஷனும் ஓடிப்போய்விடாது.

இதோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று, சம்பளப் பேச்சு. முன்னறிவு வேண்டாம் என்ற அதே மூச்சில் ஆறு மாதத்தில் ஐ.டி. வேலை என்கிறார்கள். புரோகிராமிங்கைப் பத்து ஆண்டுகளில் கற்றுக்கொள்ளுங்கள் என்று கணினி அறிவியலாளர் பீட்டர் நார்விக் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 24 மணி நேரத்தில், சில நாட்களில் என்று வந்த புத்தகங்களுக்கு எதிராகத்தான் அதை எழுதினார். புத்தகங்கள் போய் வீடியோக்கள் வந்தும் வாக்குறுதி மாறவில்லை. பள்ளிக்கூடத்தையும் விட முடியாது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் இருக்கிறது. பாடம் நல்ல பாடம். ஆனால் புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, அதன் விடையையும் கையாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கும் இடத்தில் மாணவர் பிழைச் செய்தியைப் பார்க்கவே வாய்ப்பில்லை. ரெக்கார்டு நோட்டில் `hello.py.txt` என்ற கோளாறு வராது. அந்த மாணவர்தான் அடுத்த ஆண்டு இந்த ஆன்லைன் வகுப்புகளில் வந்து சேர்கிறார்.

எனவே அந்த ஸ்கிரிப்டில் முதல் வாசகத்தை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "உயர்கணிதம் தேவையில்லை. கீபோர்டு உள்ள ஒரு கம்ப்யூட்டர் தேவை. செல்பேசியில் வீடியோ பார்க்கலாம், பயிற்சி செய்வது கடினம். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும், அவற்றை எழுத்துக்கூட்டியாவது படிக்க வேண்டும், பொருளை நாங்கள் தமிழில் சொல்லித் தருவோம். தினமும் ஒரு மணி நேரம் வேண்டும், அதில் வீடியோவுக்கு இருபது நிமிடம், மிச்சம் நீங்கள் தட்டிப் பார்ப்பதற்கு. சேர்வதற்கு முன் ஒரு சிறு சோதனை: Documents ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள், அதில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் சேமியுங்கள், கமாண்ட் விண்டோவைத் திறந்து `cd` கொண்டு அங்கே போய் `dir` கொடுத்து அந்த ஃபைலின் முழுப்பெயரைப் பாருங்கள். முடிந்தால் திங்கட்கிழமை வாருங்கள். முடியவில்லை என்றால் கவலை வேண்டாம், அதற்கென்றே இரண்டு முன்பாடங்கள் வைத்திருக்கிறோம், அவற்றை முடித்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை வாருங்கள்." வீடியோவின் நீளம் ஒரு நிமிடம் கூடும், சேர்க்கையில் சிலர் குறையலாம். அந்த இரண்டு முன்பாடங்களைத் தயாரிக்கும் வேலை ஆசிரியரின் தலையில் விழும். அது அவர் வேலைதான்.