கத்தாரில் இருப்பவர் முஸாபிர் அல்ல



கினிகத்தேனையில் என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது தோஹாவில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். மாலை 6 முதல் காலை 6 வரை டியூட்டி. போன கிழமை வொய்ஸ் அனுப்பியிருந்தான். "ஸேர், மஃரிபு, இஷா, சுபஹு மூணையும் காலைல ரூமுக்கு வந்து ஜம்உ செஞ்சு தொழுறன். வெளிநாடுதானே, இஷாவ ரெண்டா சுருக்கிடுவன்." எட்டு மாதமாக இப்படித்தானாம்.

அவனை ஏசத் தோன்றவில்லை. சொல்லிக் கொடுத்தவர்கள் மீதுதான் கோபம் வந்தது.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளையும் திரும்பும் நாளையும் விட்டு, ஓரிடத்தில் நான்கு நாள் தங்கும் எண்ணம் வந்துவிட்டால் பயணச் சலுகை முடிந்துவிடும். இரண்டு வருட கொன்ட்ராக்டில் போனவர் அங்கே ஊர்வாசி. அவருக்கு கஸ்ர் இல்லை. சுபஹை எந்தத் தொழுகையோடும் சேர்க்கவும் முடியாது, அது பயணிக்கும் இல்லை.

மஃரிபு, இஷாவில் மட்டும் கொஞ்சம் இடமிருக்கிறது. நபியவர்கள் மதீனாவில் பயமோ மழையோ இல்லாமலே சேர்த்துத் தொழுததாக இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதை வைத்து, வழக்கமாக்கிக்கொள்ளாமல் தேவைக்குச் சேர்க்கலாம் என்று இப்னுல் முன்திர் போன்றோர் சொன்னதை இமாம் நவவி எடுத்தெழுதுகிறார். கேட்டை விட்டு அசையவே முடியாத ஒரு இரவுக்கு அது உதவும். அப்போதும் மஃரிபு நேரம் முடியுமுன் "இஷாவோடு சேர்க்கிறேன்" என்று நிய்யத் வைத்து, இஷா நேரத்துக்குள் தொழ வேண்டும். காலை 7 மணி அந்த நேரமல்ல, அது களா.

தம்பியின் நேரங்களைப் பார்த்தேன். டிசம்பரில் தோஹாவில் மஃரிபு 4.50 போல, டியூட்டிக்கு முன்பே தொழுதுவிடலாம். ஜூனில் அது 6.30 அளவில், இஷா 8 அளவில். இஷாவுக்கு சுபஹ் வரை நேரம் உண்டு, இடைவேளையில் தொழலாம். மஃரிபுக்கு ஐந்து நிமிடம் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஜூனில் சுபஹ் 3.15க்கு வந்து 4.45க்குள் முடிகிறது. இடத்தை விட்டுப் போக முடியாவிட்டால் நிற்கும் இடத்திலேயே இரண்டு ரக்அத். உளூ டியூட்டிக்கு முன்பே செய்து வைத்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒரு போத்தல் தண்ணீர் போதும்.

பகலில் தூங்குபவருக்கு ளுஹரும் சிக்கல். ஜூனில் அஸர் 3 மணிபோல. 2.45க்கு அலாரம் வைத்து, ளுஹரை அதன் கடைசியில் தொழுது, கொஞ்சம் இருந்து அஸரையும் தொழுதுவிட்டு மீண்டும் படுக்கலாம். இது ஜம்உ அல்ல. இரண்டும் தத்தம் நேரத்திலேயே நடக்கிறது.

கடந்த எட்டு மாதம்? தாமதமாகத் தொழுத மஃரிபும் சுபஹும் களாவாகக் கூடிவிட்டன. சுருக்கிய இஷாதான் கடன், ஏறத்தாழ இருநூறு. முடிந்தளவு வேகமாக அடைக்கச் சொன்னேன். ஒவ்வொரு இஷாவோடும் ஒன்று என்றாலும் ஏழு மாதத்தில் முடியும். அங்குள்ள ஒரு மவ்லவியிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று பதில் வந்தது. "ஸேர், நேத்து ராவு நாலு தொழுதேன்."