தயிர் கேக்கும் பிரெஞ்சுக் கட்டளையும்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிற பிள்ளையளுக்கு "என்ர பேர் இன்னது" எண்டு சொல்லிக் குடுக்க முதல், ஒரு சமையல் குறிப்பைக் குடுக்கவேணும் எண்டது என்ர கருத்து. அதுக்கு 'காத்தோ ஓ யவூர்த்', அதாவது தயிர் கேக், நல்ல பாடம். பிரான்சில சின்னப் பிள்ளையள் முதல்முதல் செய்து பழகிற கேக் அதுதான். தராசு தேவையில்லை. தயிர் வந்த கிண்ணமே அளவு. அதை 'போ' எண்டு சொல்லுவினம்.

ஒரு போ தயிர், ரெண்டு போ சீனி, மூண்டு போ மா, அரை போ எண்ணெய், மூண்டு முட்டை, ஒரு பொட்டலம் 'லெவூர் ஷிமிக்'. குறிப்பு இப்பிடிப் போகும்: ப்ரெஷொஃப்பே (அடுப்பை 180 டிகிரிக்குச் சூடாக்குங்கோ), வெர்ஸே (ஊத்துங்கோ), அஜூத்தே (சேருங்கோ), மெலான்ஜே (கலவுங்கோ). எங்கட 'ங்கோ' மாதிரித்தான் அந்த 'ஏ' ஓசை. முப்பத்தைஞ்சு நிமிசம் அளவில கத்தியைக் குத்திப் பாருங்கோ, ஈரமில்லாமல் வந்தால் வெந்திட்டுது.

லெவூர் எண்ட சொல்லுத்தான் ஆளை விழுத்தும். தனிய லெவூர் எண்டால் பாண் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டையும் குறிக்கும். இங்க வேண்டியது பேக்கிங் பவுடர், 11 கிராம், கிட்டத்தட்ட ரெண்டரைத் தேக்கரண்டி. ஈஸ்ட்டைப் போட்டு உடன அடுப்பில வைச்சால் கேக் எழும்பாமல் கல்லு மாதிரி வரும்.

அடுத்தது கிண்ணம். பிரெஞ்சுப் போ 125 கிராம். கேரம் டவுன்ஸ் கடையளில வாங்கிற சின்னக் கிண்ணம் பெரும்பாலும் 160, 170 கிராம். அதால அளந்தால் தயிரும் மாவும் கூடும், ஆனால் முட்டையும் பவுடரும் அதே அளவில நிக்கும். கேக் பாரமாய் இருக்கும். 125 கிராம் தயிரை ஒரு கோப்பையில விட்டு, மட்டத்தில கோடு கீறி, அதால மிச்சத்தை அளவுங்கோ.

இனி எழுத்து. சில குறிப்பில அஜூத்தே 'ஈ-இசட்' எண்டு முடியும், சிலதில 'ஈ-ஆர்'. முதலாவது கட்டளை, ரெண்டாவது வினைப்பெயர் மாதிரி. காதுக்கு ரெண்டும் ஒண்டு. ஆனால் 'அடியுங்கோ' எண்டதில ஒண்டு பத்தே, மற்றது பத்ர். பிள்ளை குழம்பிறது இதிலதான், ஆனபடியால் ரெண்டு விதக் குறிப்பையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டவேணும்.

பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் போய்க் குசினி வேலை தேடுற எங்கட ஆக்களுக்கு இன்னொண்டும் வேணும். குறிப்பு 'ங்கோ' போட்டுக் கதைக்கும், ஆனால் குசினியில பெரும்பாலும் 'நீ'தான். அங்க சேர் எண்டது அஜூத், வெட்டு எண்டது கூப், போடு எண்டது மே. புத்தகத்தில படிச்ச 'மெத்தே'யை எதிர்பார்த்து நிண்டால் அந்த 'மே' காதில விழுந்தும் விளங்காது.